பூனையின் முதுகுத் தோல் அலையடிப்பது: தெள்ளா, வலியா, நரம்பா?

"எங்கட கடுவன் பூனைக்கு ரெண்டு வயசு. ஒரு மாசமா பின்னேரங்களில திடீரெண்டு முதுகுத் தோல் அலை மாதிரி ஓடுது, கண் கறுத்து விரியுது. பிறகு வாலைத் துரத்திச் சுத்தும், விசர் பிடிச்ச மாதிரி நக்கும், கடிக்கும், ஒரே ஓட்டமா ஓடிக் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிடும். ரெண்டு நிமிசத்தில பழையபடி ஆயிடும். தெள்ளு ஒண்டும் காணேல்ல. தோல் துடிக்கிற வருத்தம் எண்டு ஒண்டு இருக்காம். அதுதானா இது? நாங்கள் மாங்குளம் பக்கம்."

தங்கச்சி, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அந்த வருத்தத்தோடு அச்சொட்டாகப் பொருந்துகின்றன. ஆனாலும் அந்தப் பெயரை இப்போதே வைத்துவிட வேண்டாம். அது மற்ற எல்லாவற்றையும் பார்த்து, இல்லை என்று தள்ளிய பிறகு கடைசியாக வைக்கும் பெயர். மிருக வைத்தியராக வன்னியில் நான் பார்த்த பூனைகளில், இந்தக் கதையோடு வந்தவற்றில் பெரும்பாலானவைக்குக் காரணம் தெள்ளுதான். அதற்கு அடுத்தது வாலடியில் அல்லது இடுப்பில் இருக்கும் வலி. இரண்டையும் சரியாகப் பார்த்து முடித்த பிறகும் மிஞ்சும் சிலவே உண்மையான தோல் துடிப்பு வருத்தம். "தெள்ளு காணவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நான் அப்படியே ஏற்கமாட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த அலை என்ன என்று பார்ப்போம். உங்கள் பக்கத்தில் மாடு இல்லாத வளவு குறைவு. மாட்டின் முதுகில் ஈ ஒன்று இருந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து ஈயை எழுப்பி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்கு அடியில் போர்வை போல விரிந்திருக்கும் மெல்லிய தசை ஒன்று செய்யும் வேலை அது. பூனைக்கும் அதே தசை இருக்கிறது. தோலில் ஏதாவது பட்டால் நரம்பு அந்தச் செய்தியை முள்ளந்தண்டுக்குக் கொண்டுபோகும், அங்கிருந்து திரும்பி வரும் கட்டளையில் தசை சுருங்கும். ஆகவே அலையடிப்பது நோயல்ல, தசை சொல்லும் மறுமொழி. நாங்கள் தேட வேண்டியது அந்தத் தசையை யார் தட்டி எழுப்புகிறார்கள் என்பதைத்தான். தோலில் இருந்து தட்டலாம், அது தெள்ளும் ஒவ்வாமையும். நரம்பு போகும் வழியில் இருந்து தட்டலாம், அது முதுகெலும்பு, வால், இடுப்பு வலி. அல்லது மூளையே, மெல்லத் தொட்டதைக்கூடப் பெரிய எரிச்சலாக எடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றாவதுதான் நீங்கள் கேட்ட வருத்தம். வெளிநாட்டில் சியாமீஸ், அபிசீனியன் போன்ற சாதிப் பூனைகளில் இதை அதிகம் சொல்வார்கள். ஆனால் எந்தப் பூனைக்கும் வரலாம். பெரும்பாலும் ஒரு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில்தான் தொடங்கும்.

எல்லா ஓட்டமும் வருத்தம் அல்ல. குட்டி தன் வாலோடு விளையாடும். வாலடியைத் தடவினால் நல்ல சுகமான பூனையின் தோலும் ஒருமுறை சிலிர்க்கும். பெட்டைப் பூனை கடுவனுக்குக் கத்தும் நாட்களில் நிலத்தில் உருண்டு புரளும். அவை பூனையைப் பயப்படுத்துவதில்லை. உங்கள் பூனை தன் உடம்பையே பார்த்துப் பயந்து ஓடுகிறது, கடித்துக்கொள்கிறது. அதுதான் வித்தியாசம், அதனால்தான் இதைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு வீட்டுப் பூனையின் கதையைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போலவே கடுவன், இரண்டு வயது இருக்கும், செம்மஞ்சள் நிறம், நிறை நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நெல் மூட்டைக்கு எலி வராமல் இருக்க வளர்த்த பூனை. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தோல் ஓடத் தொடங்கும், வாலைக் கடிக்கும், கூரை மரத்துக்கு ஏறிவிடும். வீட்டு அம்மா விசர்நாய் கடித்திருக்குமோ என்று பயந்து பூனையைச் சாக்குக்குள் கட்டிக் கொண்டுவந்தா. "உடம்பில ஒரு தெள்ளும் இல்லை, நான் விரிச்சு விரிச்சுப் பார்த்தனான்" என்று அவவும் உங்களைப் போலவே சொன்னா.

பூனை உடம்பில் தெள்ளு தெரியாதது தெள்ளு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. நாய் சொறியும், பூனை நக்கும். பூனையின் நாக்கு சொரசொரப்பான சீப்பு மாதிரி. கடிக்கும் தெள்ளை அது பிடித்து விழுங்கிவிடும். அரிப்பு அதிகமான பூனை அதிகமாக நக்கும், அதிகமாக நக்கும் பூனையில் தெள்ளு குறைவாக இருக்கும். தெள்ளின் எச்சில் ஒவ்வாத பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாட்கணக்கில் அரிக்கும். அதனால் தெள்ளைத் தேடக்கூடாது, தெள்ளின் எச்சத்தைத் தேட வேண்டும்.

பேன் சீப்பு ஒன்றை எடுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றின்மேல் பூனையை நிற்கவைத்து, வாலடி, இடுப்பு, கழுத்து ஆகிய இடங்களில் தோல் வரை பதிய ஐந்து நிமிடம் வாருங்கள். சீப்பிலும் தாளிலும் விழும் கறுப்புத் துகள்களை ஈரப் பஞ்சில் வைத்து அழுத்துங்கள். மண்ணென்றால் மண் நிறத்திலேயே இருக்கும். தெள்ளின் எச்சமென்றால் அது சமித்த இரத்தம், சுற்றிவரச் செம்பழுப்பாகக் கசியும். எங்கள் செம்மண் வளவுகளில் இதில் ஏமாறலாம், அதனால் துகள் முதலில் கறுப்பாக இருந்ததா என்பதையும் பாருங்கள். அப்புறம் விரலால் முதுகையும் கழுத்தையும் மயிருக்கு எதிராகத் தடவிப் பாருங்கள். மணல் ஒட்டினமாதிரிச் சிறு சிறு பொருக்குகள் கையில் தட்டுப்பட்டால் அது ஒவ்வாமையின் அடையாளம். வயிறும் பின்தொடையின் உட்பக்கமும் மயிர் உதிர்ந்து வழுவழுப்பாக இருந்தால் அது தானாக உதிர்ந்ததல்ல, நக்கி முறித்தது. மலவாயைச் சுற்றி அரிசி போன்ற வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அவை ஒருவகை நாடாப்புழுவின் துண்டுகள். அந்தப் புழு பூனைக்குள் போவது பெரும்பாலும் தெள்ளை விழுங்குவதால்தான்.

முள்ளியவளைப் பூனையில் ஒரு தெள்ளையும் நானும் காணவில்லை. ஆனால் சீப்பில் வந்த துகள்கள் பஞ்சில் சிவந்தன, வாலடியில் பொருக்கும் இருந்தது. பூனைக்கான பிப்ரோனில் சொட்டு மருந்தைக் கழுத்துக்குப் பின்னால் விட்டு அனுப்பினேன். பத்து நாள் நல்ல சுகம், பதினோராம் நாள் பழையபடி. அதில் என் பிழையும் இருந்தது. வீட்டில் நாய் இருக்கிறதா, பூனை எங்கே படுக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அந்த வீட்டுக்கே போனேன். முன்னறையில் நெல் மூட்டைகள், அதன்மேல் மடித்த சாக்கு. அதுதான் பூனையின் படுக்கை. நாய் படுப்பது பக்கத்துக் கொட்டிலின் நிழல் மணலில். வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குள் இரண்டு நிமிடம் நடந்தேன். வெளியே வந்து பார்த்தால் காலுறையில் பதினான்கு தெள்ளு. இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம், செலவே இல்லை.

தெள்ளின் பெரும்பகுதி விலங்கின் உடம்பில் இருப்பதில்லை. ஒரு வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளில் உடம்பில் நாங்கள் காணும் வளர்ந்தவை நூற்றுக்கு ஐந்தளவுதான் இருக்கும். மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் நிலத்தில் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளில் நாற்பது முட்டை வரை இடும். முட்டை ஒட்டாது, பூனை படுக்கும் இடமெல்லாம் உருண்டு விழும். புழு வெளிச்சத்துக்கு அஞ்சி மணலுக்குள்ளும் சாக்கின் மடிப்புக்குள்ளும் போகும். அப்புறம் அது கட்டும் கூட்டுக்குள் எந்த மருந்தும் போகாது. அந்தக் கூட்டுக்குள் அது வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் காத்திருக்கும். சூடும் மூச்சுக்காற்றும் காலடி அதிர்வும் கிட்ட வந்தால் உடனே வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்ததும் கணுக்காலெல்லாம் கடிப்பது இதனால்தான். எங்கள் சூட்டில் முட்டையிலிருந்து வளர்ந்த தெள்ளு வர மூன்று கிழமை அளவுதான் ஆகும். ஆகவே பூனைக்கு மட்டும் ஒருமுறை மருந்து விட்டால் அன்று உடம்பில் இருந்தது சாகும், நிலத்தில் இருப்பது வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.

வன்னியின் வெயில் இதில் எங்களுக்கு உதவி. தெள்ளுப் புழு காய்ந்த சூட்டைத் தாங்காது. கோடையில் வெட்டை முற்றத்தில் அது பிழைக்காது, நிழலில்தான் பிழைக்கும்: கட்டிலின் கீழ், விறகுக் குவியல், சாக்கு, கொட்டில் மணல். அந்த வீட்டில் சாக்குகளை மூன்று நாள் முழு வெயிலில் பரப்பினார்கள். பூனையின் துணியைக் கொதிநீரில் தோய்த்தார்கள். கொட்டில் மணலின் மேல்படையை வழித்து முற்றத்தில் பரப்பி வெயிலில் விட்டார்கள். நாய்க்கு நாயின் மருந்து, பூனைக்குப் பூனையின் மருந்து, இரண்டையும் ஒரே நாளில், மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம். நாள்காட்டியில் அந்தத் திகதியில் வட்டம் போட்டுவைக்கச் சொன்னேன். முதல் மாதத்தில் புதுத் தெள்ளு தெரிந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்தக்கூடாது, அவை பழைய கூடுகளில் இருந்து வருபவை.

இப்போது மிகக் கவனமாகக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்து அநேக வீடுகளில் இருக்கும். அதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலந்து பூனைக்குப் பூசிவிடுவோம் என்று எண்ண வேண்டாம். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்துகளையும் அமிட்ராஸையும் மாடும் நாயும் தாங்கும், பூனை தாங்காது. அந்த வகை நஞ்சுகளைப் பிரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. நாய்க்கென்று விற்கும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதில் ஒரு சிறு குழாயே பூனையைக் கொல்லப் போதும். இதில் இன்னொரு பொறி இருக்கிறது: பெர்மெத்ரின் நஞ்சு ஏறினால் முதலில் காதும் முகமும் துடிக்கும், தோல் துடிக்கும், பிறகு உடம்பெல்லாம் நடுங்கி வலிப்பு வரும். வீட்டுக்காரர் அதைப் பழைய வருத்தம் கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மருந்து பூசிவிடுவார். மருந்து பூசிய சில மணி நேரத்தில், அல்லது அன்றைக்குள், துடிப்புக் கூடினால் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொண்டு கழுவி, துடைத்து, சூடாகப் போர்த்தி உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். நாய்க்கு அப்படிப்பட்ட மருந்து விட்டாலும் அது காயும் வரை பூனையைத் தள்ளி வையுங்கள், இரண்டும் ஒன்றாகப் படுப்பவையென்றால் இரண்டு மூன்று நாளைக்குப் பிரித்தே வையுங்கள். மண்ணெண்ணெய், கற்பூரம், டெட்டோல், பினாயில் எதுவும் வேண்டாம், பூனை அதை நக்கித்தான் தீரும்.

மருந்து வாங்கும்போது பெட்டியில் பூனையின் படமும் நிறை அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். நிறை தெரியாவிட்டால் பூனையைத் தூக்கிக்கொண்டு நிறை பார்க்கும் மெஷினில் ஏறி, அப்புறம் தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். பிப்ரோனில், செலமெக்டின் போன்றவை பூனைக்கென்று அளவு போட்டு வருபவை. மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்ட வேண்டாம்.

வலியைப் பற்றி இனிச் சொல்கிறேன். பூனைக்கு வலி என்றால் நொண்டும், கத்தும் என்று எதிர்பார்க்க முடியாது, அது மறைக்கும் பிராணி. மோட்டார் சைக்கிள் உரசியது, கதவில் வால் நசிந்தது, பிள்ளை வாலைப் பிடித்து இழுத்தது, இவை எல்லாம் வாலடி நரம்பில் வலியை விட்டுச் செல்லும். கடுவன் பூனைகள் சண்டை பிடித்தால் ஓடும் பூனைக்குக் கடி விழுவது வாலடியில்தான். பல்லுப் பட்ட துவாரம் ஊசிமுனை அளவு, மேலே மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். உங்களுடையது கடுவன், நலமடிக்காததாகவும் இருக்கலாம், ஆகவே இதைப் பார்க்காமல் விடக்கூடாது. மலவாயின் இரு பக்கமும் இருக்கும் வாசனைச் சுரப்பி அடைத்துக்கொண்டாலும் பூனை வாலடியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

வீட்டில் நீங்கள் செய்யக் கூடியது மெல்லிய ஒரு சோதனை. பூனை ஆறுதலாக இருக்கும் நேரத்தில் தோளில் இருந்து வால் வரை முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்நுனியால், பழுத்த மாம்பழத்தை அழுத்திப் பார்க்கும் அளவுக்கு மட்டும், படிப்படியாக அழுத்தி வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அது இடுப்பைப் பதித்தால், திரும்பிச் சீறினால், அந்த இடத்தில் வலி இருக்கலாம். வாலைத் தூக்கிப் பார்க்கவோ இழுக்கவோ வேண்டாம். குதிக்க யோசிக்கிறதா, மலம் கழிக்கும்போது கத்துகிறதா, வால் முன்போல் நிமிர்கிறதா என்றும் கவனியுங்கள். தோல் சோதனையில் ஒன்றும் இல்லாமல் இந்தப் பக்கம் ஏதாவது தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்கும் வசதி உள்ள வைத்தியரிடம் போவது நல்லது. எந்தக் காரணம் கொண்டும் பனடோல் கொடுக்கவேண்டாம். அரைக் குளிசையே ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

அந்த அம்மா பயந்த விசரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விசர்நோய் வந்த பூனை நாளுக்கு நாள் கெடும். உமிழ்நீர் வழியும், குரல் மாறும், கால் தள்ளாடும், அறிகுறி தொடங்கிப் பத்து நாளுக்குள் செத்துவிடும். ஒரு மாதமாக வந்து வந்து போய், இடையில் சோறு தின்று மடியில் படுக்கும் பூனைக்கு இருப்பது அதுவல்ல. ஆனால் தோல் ஓடும் நேரத்தில் தூக்கப் போய்க் கடி வாங்கினால் "இது துடிப்பு வருத்தம்தானே" என்று வீட்டில் இருக்க வேண்டாம். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைக்கு வருடத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்பதை அங்கே கேட்பார்கள்.

வலிப்போடும் இது குழம்பும். இதற்குத்தான் கைபேசியில் எடுத்த வீடியோ வேண்டும். வைத்தியரின் மேசைக்கு வந்த பூனை ஒருநாளும் துடித்துக் காட்டாது, பயத்தில் உறைந்து நிற்கும். பூனை முழுதாகத் தெரியும்படி, கண்ணும் தெரியும்படி, தொடக்கத்தில் இருந்து முடிவு வரை எடுங்கள். நடுவில் ஒருமுறை நெத்தலிப் பையைச் சரசரவென்று ஆட்டுங்கள். தோல் துடிப்பு வருத்தத்தில் பூனைக்குச் சுயநினைவு இருக்கும், பல தடவை அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பும், ஆட்டம் இடையில் அறுந்துபோகும். வலிப்பென்றால் திரும்பாது. விழும், காலை இழுக்கும், உமிழ்நீரும் மூத்திரமும் போகும், முடிந்த பின்னும் கொஞ்ச நேரம் வீடு எது என்று தெரியாமல் நிற்கும். இந்தக் கோடு எப்போதும் தெளிவாக இருக்காது. உடம்பின் ஒரு பகுதிக்கு மட்டும் வரும் வலிப்பு தோல் துடிப்பு மாதிரியே தெரியக்கூடும். அதனால் முடிவை வீடியோவைப் பார்த்து வைத்தியர் எடுக்கட்டும்.

சரி, முள்ளியவளைக் கதைக்குத் திரும்புவோம். துடிப்பு வரும் ஒவ்வொரு தடவையும் நாள்காட்டியில் ஒரு கோடு போடும்படி அந்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். நேரத்தையும், அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் இரண்டு சொல்லில் எழுத வேண்டும். முதல் கிழமையில் முப்பத்தெட்டுக் கோடு. நாலாம் கிழமையில் இருபத்தொன்று. எட்டாம் கிழமையில் ஏழு. பன்னிரண்டாம் கிழமையில் நாலு. வாலடிப் பொருக்கு போய்விட்டது, வயிற்றில் மயிர் வளர்ந்துவிட்டது, சீப்பில் ஒன்றும் வரவில்லை. ஆகவே பெரும்பங்கு தெள்ளின் ஒவ்வாமை. ஆனால் அந்த நாலு கோடு அடுத்த இரண்டு கிழமையும் குறையவில்லை. பிள்ளையின் எழுத்தைப் பார்த்தால் நாலில் மூன்று, யாரோ முதுகைத் தடவிய பிறகு. மற்றது முற்றத்தில் உழவு மெஷின் வந்து நின்ற பின்னேரம்.

அப்போதுதான் நான் மூன்றாவது காரணத்தை நம்பத் தொடங்கினேன். அதற்கு முன்னும் வலியைத் தள்ள வேண்டியிருந்தது. முதுகை அழுத்திப் பார்த்தேன், எக்ஸ்ரே எடுத்தோம், பூனைக்குரிய வலி மருந்தைச் சில நாள் கொடுத்துப் பார்த்தோம். கோட்டில் மாற்றமில்லை. சாப்பாட்டு ஒவ்வாமையையும் யோசித்தேன். அதைப் பார்க்க ஆறு முதல் எட்டுக் கிழமை வரை, அது முன்பு தின்னாத ஒரே இறைச்சியை மட்டும் கொடுக்க வேண்டும். மீன்சோறு தின்று, அடுத்த வீட்டிலும் போய்த் தின்று வரும் பூனைக்கு அது நடக்காது. தோல் சுத்தமாகிவிட்டதால் அதை விட்டேன். காதும் முகமும் கழுத்தும் சொறிந்து புண்ணாக இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

மிஞ்சியதுக்கு முதலில் மருந்தில்லாத வேலைகள். இடுப்புக்குக் கீழே யாரும் தடவக்கூடாது, தலையும் தாடையும் மட்டும். தோல் ஓடத் தொடங்கினால் பிடிக்கக்கூடாது, அதட்டக்கூடாது. கயிற்றில் கட்டிய துணியை நிலத்தில் இழுத்து அதன் கவனத்தைத் திருப்ப வேண்டும். பின்னேரம் நாலரைக்கு, அந்த நேரம் வருவதற்கு முன்னமே, பத்து நிமிடம் துரத்தி விளையாட விட்டுச் சோறு வைக்க வேண்டும். அதோடு கபாபென்டின் தொடங்கினோம். இது மனிதருக்கு நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் மருந்து. பார்மசியில் 100 மில்லிகிராம் குளிகையாகக் கிடைக்கும். நாலு கிலோப் பூனைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது அதில் ஒரு பங்குதான், அளவை நிறை பார்த்து வைத்தியர் பிரித்துத் தர வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி வழியும், கால் கொஞ்சம் தள்ளாடும், அந்த நாட்களில் மதிலில் ஏற விடக்கூடாது. திடீரென்று நிறுத்தக்கூடாது, குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். சில பூனைகளுக்கு இது போதாமல் புளூவொக்செட்டினோ பெனோபாபிட்டலோ வேண்டிவரும். அது நீண்ட வழி, இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் முதல் நாளே நீண்டநாள் வேலை செய்யும் ஸ்டீரொய்ட் ஊசி போட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று கிழமை பூனை நல்ல சுகமாக இருக்கும், ஏனென்றால் அது ஒவ்வாமை அரிப்பை அடக்கும். அதில் குணமானால் காரணம் தோலில் என்று ஒரு தடயம் கிடைக்கும், அவ்வளவுதான். தெள்ளை விட்டுவிட்டு ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சலரோகம் வரக்கூடும். ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் திகதியை எழுதி வையுங்கள், அந்த நாட்களின் கோட்டை வைத்து முடிவெடுக்க முடியாது.

வாலைக் கடித்து இரத்தம் வந்தாலோ, நுனி கறுத்தாலோ நாள்காட்டி எல்லாம் பிறகு பார்க்கலாம். அன்றே கழுத்துக்குக் கூம்பு போட்டுக் கொண்டுவாருங்கள். மட்டைப் பெட்டியை வெட்டிச் செய்தாலும் போதும், மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். வாலை வெட்டிவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்க வேண்டாம். எரிச்சல் மூளையில் இருந்தால் வால் போன பிறகும் பூனை மிச்சத்தைக் கடிக்கும். அழுகிய வாலுக்கு மட்டும்தான் அந்த வெட்டு.

முள்ளியவளைப் பூனைக்குக் கபாபென்டின் தொடங்கிய ஆறாம் கிழமையில் இரண்டு கிழமைக்கு ஒரு கோடு என்று ஆனது. மூன்று மாதத்தில் மருந்தைக் குறைத்து நிறுத்தினோம், ஆறு மாதம் அப்படியே நின்றது. மாரி தொடங்கி மணல் ஈரமான பிறகு ஒருநாள் அந்தப் பிள்ளை தொலைபேசியில் எடுத்து, "ஐயா, திரும்பவும் ஒருநாளைக்கு மூண்டு கோடு" என்று சொன்னான். தெள்ளு மருந்தின் வட்டம் கடைசியாக எந்தத் திகதியில் என்று கேட்டேன். நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதமாக விடவில்லை என்றான். நாய்க்கும் பூனைக்கும் மருந்து விட்டார்கள், சாக்கை மாற்றினார்கள், மூன்று கிழமையில் கோடு நின்றது, கபாபென்டினைத் தொடவே இல்லை.

நீங்களும் இன்றைக்குச் சீப்பு, பஞ்சு, வெள்ளைக் காலுறை மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். வீட்டில் நாய் இருக்கிறதா, பூனை பகலில் எங்கே படுக்கிறது, கடைசியாக எந்த மருந்து எந்தத் திகதியில் பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.